ஸ்கேன் ஃபிலிம் இருக்க, குறுந்தகடு எதற்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏணியிலிருந்து தவறி விழுந்த தொழிலாளி ஒருவருக்கு, அருகிலிருந்த மையத்தில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தனர். அவருடைய மனைவி ஃபிலிமைக் கைப்பேசியில் படமெடுத்து எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் கவலைக்குரிய எதுவும் தென்படவில்லை. நோயாளியுடன் வந்த குறுந்தகட்டைக் கணினியில் திறந்தபோதுதான், மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி மெல்லிய இரத்தக்கசிவு இருப்பது தெரிந்தது.

ஒரே ஸ்கேன், இருவேறு காட்சி. காரணம் இதுதான்: சி.டி. கருவி உடலின் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் எண்ணாக அளக்கிறது. நீருக்கு 0, மூளைக்கு ஏறக்குறைய 35, புதிய இரத்தத்திற்கு 60, 70, எலும்புக்குப் பல நூறு. மூளையைத் தெளிவாகக் காட்டுவதற்காக, ஃபிலிமில் பெரும்பாலும் 0 முதல் 80 வரையுள்ள எண்களை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை பரப்பி அச்சிடுவார்கள். அப்போது இரத்தமும் எலும்பும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகி விடுகின்றன. எலும்பை ஒட்டிய மெல்லிய கசிவு அந்த வெண்மையில் மறைந்துபோகிறது. கணினியில் அந்த எல்லையை விரித்தால் எலும்பு வெண்மையாகவே நிற்க, இரத்தம் சாம்பல் நிறமாகப் பிரிந்து தெரியும். அச்சிட்ட ஃபிலிமில் இது இயலாது; அதன் புகைப்படத்தில் சொல்லவே வேண்டாம்.

அந்த எண்களை நோயாளியின் பெயர், தேதி, ஸ்கேன் விவரங்களுடன் சேர்த்துக் காக்கும் கோப்பு வடிவமே டைகாம். எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்தாலும் வேறு மருத்துவமனையில் திறக்க முடிய வேண்டும் என்பதற்காக அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களும் கருவி உற்பத்தியாளர்களும் 1985இல் ஒரு பொது நெறியை வெளியிட்டனர். 1993இல் அது இப்பெயர் பெற்றது.

ஒரு சி.டி. படம் சுமார் அரை எம்.பி. இருக்கும். முந்நூறு படங்கள் என்றால் 150 எம்.பி.; மின்னஞ்சல் தாங்காது. ஆகவேதான் குறுந்தகடு அல்லது இணைய இணைப்பு தரப்படுகிறது.

மையத்தை விட்டுக் கிளம்பும் முன் குறுந்தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பொதுவாக அதில் DICOMDIR என்ற கோப்பு இருக்கும். சில JPG படங்களும் PDF அறிக்கையும் மட்டுமே இருந்தால், டைகாம் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். பென்டிரைவில் நகலெடுப்பதானால் முழுவதையும், கோப்புறைப் பெயர்களை மாற்றாமல் எடுங்கள். DICOMDIR அப்பெயர்களை வைத்தே படங்களைத் தேடுகிறது. இணைப்பு எத்தனை நாள் செல்லும் என்று கேட்டு, அதற்குள் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கோப்பினுள் நோயாளியின் பெயர் இருப்பதால் அந்த இணைப்பை உறவினர் குழுக்களில் பகிர வேண்டாம்.

அத்தொழிலாளிக்கு மறுநாள் காலை மீண்டும் ஸ்கேன் எடுத்தோம். முதல் நாள் குறுந்தகட்டுப் படங்களை அருகில் வைத்து, கசிவின் தடிமனைத் திரையிலேயே அளந்தோம். அது கூடவில்லை, அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.