சிங்கப்பூர் வீட்டு வாடகைக்கு இங்கும் வரியா? ஒப்பந்தமும் ரசீதும் எதுவரை கைகொடுக்கும்

பெங்களூரு: வெளிநாட்டுச் சொத்துகளையும் வருமானத்தையும் கணக்கில் காட்டாதவர்கள் எனக் கருதப்படுவோருக்கு, மத்திய நேரடி வரிகள் வாரியம் 2025 நவம்பர் 28 முதல் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 வரை அவர்களுக்கு அவகாசம் இருந்தது. முந்தைய ஆண்டு இதேபோல் நடத்தப்பட்ட இயக்கத்தின் விளைவாக 24,678 பேர் ரூ.29,208 கோடி மதிப்பிலான வெளிநாட்டுச் சொத்துகளையும் ரூ.1,089.88 கோடி வெளிநாட்டு வருமானத்தையும் காட்டினர் என்று வாரியம் தெரிவித்துள்ளது.

தமிழர்கள் அதிகம் வாழும் பெங்களூரு ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளில், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய ஒருவருக்கு இத்தகைய செய்தி வந்தால், முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அங்கேயே வரி கட்டியாகிவிட்டதே, இங்கு எதற்கு?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த பி.வி.ஏ.எல். குழந்தகன் செட்டியார் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2004 மே 26 அன்று தீர்ப்பளித்தது. இரட்டை வரி தவிர்ப்பு உடன்பாட்டின்படி மலேசியாவில் வரி விதிக்கத்தக்க அந்த வருமானத்துக்கு இந்தியாவில் மீண்டும் வரி விதிக்க முடியாது என்பது அதன் சாரம். வெளிநாட்டு வீடு வைத்திருப்போர் பலர் இன்றும் நம்பியிருப்பது இந்த நிலைப்பாட்டைத்தான்.

ஆனால் 2008 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அரசு வெளியிட்ட 91-ஆம் எண் அறிவிக்கை நிலைமையை மாற்றியது. உடன்பாட்டில் ஒரு வருமானத்துக்கு மற்ற நாட்டில் "வரி விதிக்கப்படலாம்" என்று மட்டும் கூறப்பட்டிருந்தால், அந்த வருமானம் இந்தியாவின் மொத்த வருமானத்திலும் சேர்க்கப்படும். அங்கு செலுத்திய வரிக்கு உடன்பாட்டின்படி நிவாரணம் தரப்படும் என்று அது தெளிவுபடுத்தியது. இந்தியா–சிங்கப்பூர் உடன்பாட்டில் அசையாச் சொத்து வருமானத்தைக் கூறும் 6-ஆவது பிரிவும் அதே சொற்களையே கொண்டுள்ளது. எனவே இன்று கிடைப்பது வரியிலிருந்து விலக்கு அன்று, கழிவு மட்டுமே.

இதற்கு முன் சரிபார்க்க வேண்டியது, அந்த ஆண்டில் தாம் எந்த வகை வசிப்பாளர் என்பது. ஊர் திரும்பிய தொடக்க ஆண்டுகளில் பலர் "சாதாரணமாக வசிப்பவர் அல்லாத வசிப்பாளர்" என்ற நிலையில் இருப்பர். அவர்களது வெளிநாட்டு வாடகைக்கு இந்தியாவில் வரி இல்லை. அந்நிலை முடிந்த பிறகுதான் உலகின் எந்த மூலையில் வரும் வாடகையும் இங்கு கணக்கில் வரும். பலர் தவறுவது இந்த மாற்றம் நிகழும் ஆண்டில்தான். வாடகை எப்போதும் போல அதே வங்கிக் கணக்கில் சேர்கிறது. சட்டம் மட்டும் ஓசையின்றி மாறிவிடுகிறது.

வருமான வரித்துறைக்கு இது எப்படித் தெரிகிறது என்பதும் அறியத்தக்கது. நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் தானாகப் பரிமாறப்படுவது நிதிக் கணக்குகளின் விவரம். வீட்டுப் பத்திரம் அதில் வருவதில்லை. ஆனால் வாடகை வந்து விழும் சிங்கப்பூர் வங்கிக் கணக்கு அதில் வருகிறது. அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்கத் தொடங்கும் அதிகாரி, பணம் எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்வியில் வீட்டை வந்தடைவார்.

கணக்கீட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஸ்ரீராம்புரத்தில் வசிக்கும் ஒருவருக்கு இந்தியாவில் கழிவுகள் போக ரூ.12 லட்சம் வரிக்குரிய வருமானம் இருப்பதாகக் கொள்வோம். சிங்கப்பூரில் அவருக்குச் சொந்தமான அடுக்குமாடி வீடு மாதம் 3,000 சிங்கப்பூர் டாலர் வாடகைக்கு விடப்பட்டுள்ளது. வீட்டின் மீது கடன் இல்லை.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வாடகை 36,000 டாலர். வீட்டு வருமானத்தை ரூபாயாக மாற்ற, நிதியாண்டின் இறுதி நாளில் பாரத ஸ்டேட் வங்கி அறிவிக்கும் தந்தி மாற்று வாங்கும் விகிதம் பயன்படுத்தப்பட வேண்டும். எளிமைக்காக ஒரு டாலர் 63 ரூபாய் என்று கொண்டால் வாடகை ரூ.22,68,000. இந்தியச் சட்டத்தின்படி இதிலிருந்து 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. மீதம் ரூ.15,87,600.

இங்கு இரு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முகவர் தமது கட்டணத்தையும் பராமரிப்புச் செலவையும் பிடித்துக்கொண்டு அனுப்பிய தொகையையே வாடகை என்று எழுதுவது ஒன்று. அந்தச் செலவுகள் எல்லாம் 30 சதவீதத்துக்குள் அடங்கியவை. தனியாகக் கழிக்க இயலாது. சிங்கப்பூரில் வரிக்கு உட்பட்ட தொகையை அப்படியே இந்தியக் கணக்கில் எழுதுவது மற்றொன்று. அங்கு செலவுக்காக 15 சதவீதம் கழிக்கும் வழி உள்ளது. இந்தியச் சட்டம் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன் விதிப்படியே வருமானத்தை அளக்கிறது. உள்ளாட்சிக்கு உண்மையில் செலுத்திய வீட்டு வரியைக் கழிக்க இடமுண்டு. வெளிநாட்டு நகராட்சி வரிக்கும் அது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1960களிலேயே கூறியது. எனினும் சிங்கப்பூரில் சொத்து வரியை வசூலிப்பது நாட்டின் வரி ஆணையமே என்பதால் அது "உள்ளாட்சி வரி"தானா என்ற கேள்வி எழக்கூடும். ஆகவே இந்த எடுத்துக்காட்டில் அது கழிக்கப்படவில்லை.

சிங்கப்பூரில் வசிக்காதவரின் வாடகை வருமானத்துக்கு 24 சதவீதம் வரி. 36,000 டாலரில் 15 சதவீதம் போக 30,600 டாலருக்கு வரி 7,344 டாலர்; ஏறத்தாழ ரூ.4,62,672.

இந்தியாவில் மொத்த வருமானம் ரூ.27,87,600 ஆகிறது. 2024-25 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, 4 சதவீதக் கூடுதல் வரியையும் சேர்த்து மொத்த வரி ரூ.5,47,331. இதன் சராசரி விகிதம் சுமார் 19.63 சதவீதம். அந்த விகிதத்தில் வாடகை வருமானத்தின் மீதான இந்திய வரி சுமார் ரூ.3,11,700. வெளிநாட்டில் கட்டிய வரி, அதே வருமானத்தின் மீதான இந்திய வரி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கழிவாகக் கிடைக்கும். ஆக, சிங்கப்பூரில் ரூ.4.62 லட்சம் கட்டியிருந்தும் ரூ.3.11 லட்சம் மட்டுமே கழிக்கப்படும். மிச்சம் திரும்பி வராது. அடுத்த ஆண்டுக்கும் செல்லாது.

இன்னொன்றும் உண்டு. வாடகையே இல்லாவிட்டால் இவர் ரூ.12 லட்சத்துக்குக் கட்ட வேண்டியது ரூ.83,200 மட்டுமே. வாடகை சேர்ந்து, கழிவும் கிடைத்த பின் கட்ட வேண்டியது சுமார் ரூ.2,35,600. வெளிநாட்டு வருமானம் இவரை உயர்ந்த வரி அடுக்குக்குத் தள்ளுவதே காரணம். "அங்கே அதிக வரி, இங்கே ஒன்றுமிருக்காது" என்று எண்ணி முன்கூட்டி எதுவும் செலுத்தாதவர் வட்டியும் சேர்த்துக் கட்ட நேரிடும்.

ஆவணங்களில் தலைவலி தருவது ஆண்டுக் கணக்கு. சிங்கப்பூர் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வருமானத்துக்கு அடுத்த ஆண்டில் வரி மதிப்பீட்டு அறிவிப்பை வழங்குகிறது. 2024-ஆம் ஆண்டு முழுவதற்கும் வந்த அறிவிப்பில் 7,344 டாலர் இருந்தால், அதில் முதல் மூன்று மாதங்களுக்கான பங்கு முந்தைய இந்திய நிதியாண்டைச் சேர்ந்தது. ஒன்பது மாதப் பங்கான 5,508 டாலரே இந்த ஆண்டுக்குரியது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரையிலான வாடகைக்கு சிங்கப்பூர் வரி அறிவிப்பு 2026-இல்தான் வரும். கழிவு கோரும் 67-ஆம் எண் படிவத்துக்கான கெடுவோ 2026 மார்ச் 31. நல்வாய்ப்பாக, மேற்கண்டவருக்கு ஒன்பது மாத வரியே ரூ.3,47,004 ஆகி வரம்பைத் தாண்டிவிடுகிறது. கடைசிக் காலாண்டின் ஆவணம் தாமதமானாலும் அவருக்கு இழப்பில்லை. 30 சதவீத அடுக்கில் ஆழமாக இருப்பவருக்கு இந்த இடைவெளி உண்மையிலேயே பணத்தைக் காவு வாங்கும்.

67-ஆம் எண் படிவத்துடன் இணைக்க வேண்டியது, வருமானத்தின் தன்மையையும் செலுத்திய வரியையும் கூறும் சான்று. அது வெளிநாட்டு வரி ஆணையம் தந்ததாக இருக்கலாம். வரியைப் பிடித்தவர் தந்ததாக இருக்கலாம். வரி செலுத்துபவரே கையொப்பமிட்ட அறிக்கையாகவும் இருக்கலாம். ஆனால் தாமே கையொப்பமிட்டால், பணம் செலுத்தியதற்கான இணைய ஒப்புகை அல்லது வங்கி ரசீது உடன் இருந்தாக வேண்டும். மதிப்பீட்டு அறிவிப்பு மட்டும் போதாது. அது கட்ட வேண்டிய வரியைச் சொல்கிறதே தவிர, கட்டியதைச் சொல்வதில்லை. இந்த வரியை ரூபாயாக்க, அது செலுத்தப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விகிதத்தைக் கொள்ள வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் வேறொரு வேலையைச் செய்கிறது. விளக்கம் கேட்கப்படும்போது, வங்கியில் விழுந்த தொகை வாடகைதான் என்பதையும், எந்தக் காலத்துக்கு, யாருக்கு உரியது என்பதையும் அதுவே நிறுவுகிறது. சிங்கப்பூரில் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்திய சான்று இருக்கும். அதையும் சேர்த்து வைத்தல் நல்லது. முன்பணம் வாடகையன்று என்பதைக் காட்டவும் ஒப்பந்தமே துணை. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க, ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் கேள்வி எழும். வருமானம் உரிமைப் பங்கின்படி பிரியும். வரிக் கழிவும் அவரவர் பெயரில் உள்ள மதிப்பீட்டு அறிவிப்பின்படியே கிடைக்கும்.

கணக்குத் தாக்கலில் எளிய ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்த இயலாது. சம்பளம் அல்லது ஓய்வூதியத்துடன் இத்தகைய வாடகை உள்ளவர் ஐடிஆர்-2 படிவத்தில், Schedule FSI-இல் வருமானத்தையும், Schedule TR-இல் கழிவையும், Schedule FA-இல் வீட்டையும் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். கடைசி அட்டவணை நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுவது. அதனால் அதில் உள்ள வாடகைத் தொகை முதல் அட்டவணையோடு ஒத்துப்போகாதிருப்பது இயல்பே. ஆனால் Schedule TR-உம் 67-ஆம் எண் படிவமும் ஒத்துப்போகாவிட்டால், கணினிச் செயலாக்கத்தில் கழிவு மறுக்கப்பட வாய்ப்பு அதிகம்.

படிவம் தாமதமானதற்காகவே கழிவை மறுக்கக் கூடாது என்று 2021 நவம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும், 2023 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளன. அவை கைவிட்டுப் போன கழிவை வழக்காடி மீட்கும் வழி. தாமதத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல.

வீட்டை Schedule FA-இல் காட்டாமல் விடுவது தனிக் குற்றம். 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி அதற்கு ரூ.10 லட்சம் அபராதம் விதிக்கலாம். மொத்தம் ரூ.20 லட்சத்துக்கு மேற்படாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் தளர்வு தரப்பட்டுள்ளது. அது வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கே பொருந்தும். அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. வாடகைக்கு விடாமல் பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தாலும் அட்டவணையில் அதற்கு இடம் தர வேண்டும்.