கத்தி கேட்டால் சட்டி வரும்

"கத்திய எங்க வச்சீங்கத்தே?" என்று அடுப்படியிலிருந்து மருமகள் கேட்கிறாள். "சட்டியக் கழுவிக் கவுத்துட்டேன், பாரு" என்று திண்ணையிலிருந்து பதில் வருகிறது. திட்டக்குடியில் எனக்கு நன்கு தெரிந்த குடும்பம் அது. 74 வயது ஆயாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்றே வீட்டில் நினைத்தார்கள். தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரனுக்கு அவர் திரும்பிப் பார்ப்பதால், "வேணும்னா மட்டும் காது கேக்குது" என்ற குறையும் இருந்தது.

இரண்டு சொற்களையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கத்தி, சட்டி. உயிரொலிகள் இரண்டிலும் ஒன்றே, அசையின் நீளமும் ஒன்றே. மெய்யொலிகள் மட்டும்தான் வேறு. ஆயாவின் காதில் விழாமல் போனதும் அவைதான்.

நம் பேச்சில் 'அ', 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வருகின்றன. சத்தத்தின் பெரும்பங்கு அவற்றுடையது. க, ச, ட, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், மிக மெல்லியதாக வந்து கணத்தில் மறைகின்றன. பொருளைப் பிரித்துத் தருபவை இவைதான். உட்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவில் உயர்ந்த ஒலிகளுக்கான மயிர்ச்செல்கள் நுழைவாயிலை ஒட்டியே இருக்கின்றன, வயதாகும்போது பெரும்பாலும் அவைதான் முதலில் அழிகின்றன. மனிதரில் அவை மறுபடி முளைப்பதில்லை. அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் பிடிபடாது. சிறுபிள்ளைகளின் மெல்லிய குரல் இன்னும் கடினம். பேரன் பேசும்போதெல்லாம் ஆயா சும்மா சிரித்துத் தலையாட்டியது அதனால்தான்.

சிதம்பரத்துக்கு, அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் பார்த்தது குரும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று. குரும்பி மட்டும் என்றால் அதை எடுத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும், காது மெஷினே வேண்டியிருக்காது. ஆயாவுக்கு அப்படி இல்லை. சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அவர் கேட்கும் மிக மெல்லிய ஒலி எது என்று ஆடியாலஜிஸ்ட் குறித்தார். 500 ஹெர்ட்ஸில் 35 டெசிபல், 1000-இல் 50, 2000-இல் 60, 4000-இல் 75. வலப்பக்கம் சரிந்து இறங்கும் கோடு. நான்கின் சராசரி 55.

இந்தச் சராசரிக்கு ஒரு நடைமுறை விளைவும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால்தான் ஒருவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்கிறது. ஆயா அதற்குள் வரவில்லை. ஆனால் 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம், 60 வயது கடந்த ஏழை முதியோருக்குக் காது மெஷின் தருகிறது. இப்படிப்பட்டவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கதவு அதுதான்.

ஆயாவின் குடும்பம் சொந்தப் பணத்தில் இரண்டு காதுக்கும் வாங்கியது. அதற்கு முன் வீட்டார் செய்து பார்த்த வைத்தியம் கத்திப் பேசுவது. அது பலிக்கவில்லை. கத்தும்போது பலமாவது பெரும்பாலும் உயிரொலிகள்தான். இன்னொன்று, மயிர்ச்செல்கள் போன காதுக்கு மெல்லிய ஒலி எட்டாதே தவிர, பலத்த ஒலி முன்போலவே பலமாகத்தான் விழும். 60 டெசிபலில்தான் கேட்கத் தொடங்கும் அதிர்வெண்ணிலும் 100-ஐ நெருங்கினால் காது பொறுக்காது. எல்லாப் பேச்சையும் இந்த 40 டெசிபல் இடைவெளிக்குள் அடக்கியாக வேண்டும். ஒரே சொல்லை மூன்றாம் முறை கேட்டபின் ஆயா "ஏன்டா இப்படிக் கத்துற?" என்று சீறியதற்கு முரட்டுக் குணம் காரணமில்லை.

நல்ல டிஜிட்டல் மெஷின் இந்த இடைவெளியை வைத்தே வேலை செய்கிறது. மெல்லிய ஒலிக்கு 25 டெசிபல் கூட்டினால் பலத்த ஒலிக்கு 10-தான் கூட்டும். ஆயா போன்றவருக்கு 500 ஹெர்ட்ஸில் கொஞ்சமாகவும் 4000-இல் நிறையவும் கூட்டும். ஆடியோகிராமைப் பார்த்து இதைக் கணினியில் அமைக்க வேண்டும். பரிசோதனையே இல்லாமல் விற்கும் மலிவு ஒலிபெருக்கிகளை நான் எதிர்ப்பது இதற்காகத்தான். அவை ஏற்கெனவே கேட்பதையும் சேர்த்துப் பெருக்கிவிடுகின்றன.

முதல் நாள் நன்றாகப் போகவில்லை. மின்விசிறி இரைந்தது, புடவை உரசியது, பாத்திரம் வைத்த சத்தம் திடுக்கிட வைத்தது. "நான் பேசுறது பானைக்குள்ள வாய வச்சுப் பேசுற மாதிரி இருக்கு" என்றார். மெஷினோடு காதில் பொருத்தும் அச்சு காதை அடைக்கும்போது சொந்தக் குரல் உள்ளேயே தங்குவதால் வருவது இது. பல ஆண்டுகளாக வராத ஒலிகள் திடீரென வந்தால், எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று மூளை மறுபடி பழக வேண்டும். அதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆயா மூன்றாம் நாளே மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். நிறைய மெஷின்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

ஆயாவுடையது தங்கவில்லை, ஏனென்றால் மகள் மறுபடி சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். ஆடியாலஜிஸ்ட் அச்சில் இருந்த காற்றுத் துளையைப் பெரிதாக்கினார், ஒலியைச் சற்றுக் குறைத்துவைத்து, சில வாரங்களில் படிப்படியாக ஏற்றலாம் என்றார். கன்னம் அசையும்போது வந்த விசில், இடது அச்சு தளர்வாக இருந்ததால். புதிதாக அச்சு எடுத்ததும் நின்றது. பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, காற்றுப்பட ஓரிரு நிமிடம் விட்டுப் பொருத்த வேண்டும் என்பதையும், வியர்வை நாளில் இரவு ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்க வேண்டும் என்பதையும் பேத்தி கற்றுக்கொண்டாள்.

முதல் வாரம் டி.வி. அணைந்த வீட்டில் பேத்தியோடு மட்டும் பேச்சு. பிறகு இருவர். பிறகு இரவுச் சாப்பாட்டு நேரம். வீட்டாரும் மாறினார்கள். இன்னோர் அறையிலிருந்து கூப்பிடுவதை விட்டார்கள். தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். மூன்று நான்கு அடிக்குள் வந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, முதலில் "ஆயா" என்று கூப்பிட்டுவிட்டுப் பேசினார்கள். மிக்ஸி ஓடும்போது யாரும் கதை ஆரம்பிப்பதில்லை.

இரண்டாம் மாதத்தில் ஒரு மாலை, மகன் தரகரோடு மக்காச்சோள விலை பேசிக்கொண்டிருந்தான். "போன வருஷம் ஈரம்னு சொல்லி கழிச்சது யாரு, இவருதானே?" என்று திண்ணையிலிருந்து ஆயாவின் குரல் வந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. வீட்டுப் பேச்சில் அவர் தானாக நுழைந்து வெகுகாலமாகியிருந்தது.

இதனால் மறதியும் தடுக்கப்படுமா என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்றாண்டு தொடர்ந்த அச்சீவ் ஆய்வு 2023-இல் லான்செட் இதழில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் காது மெஷின் பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அறிவுத்திறன் சரிவில் வித்தியாசமில்லை. ஆபத்து அதிகமுள்ள ஒரு பிரிவினரிடம் மட்டும் சரிவு சுமார் 48 சதவீதம் மெதுவாக இருந்தது. இதை வைத்து யாருக்கும் உறுதி சொல்லிவிட முடியாது. ஆயாவுக்கு இருந்தது மறதியே அல்ல என்பது மட்டும் தெளிவு.

கல்யாண வீட்டில், நாதஸ்வரமும் நாலு பேர் பேச்சும் சேரும்போது அவருக்கு இன்றும் புரிவதில்லை. சொல்லையும் இரைச்சலையும் முழுதாகப் பிரிக்க எந்த மெஷினாலும் முடியாது. இரைச்சலுக்கு முதுகைக் காட்டி, பேசுபவரை எதிரில் வைத்துக்கொண்டால், முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் மைக் ஓரளவு கைகொடுக்கிறது. அதனால் பந்தியில் ஆயாவே இடம் பார்த்து உட்காருகிறார், "ஒவ்வொருத்தரா பேசுங்கடி" என்று அதட்டவும் செய்கிறார்.