நினைவுப் பட்டியல் வாழ்த்தாகும் விதம்

பணி ஓய்வு பெறும் கணக்கு டீச்சருக்கு வாழ்த்து எழுத, பழைய மாணவி ஒருவர் இப்படிக் குறித்து வைத்திருக்கிறார்:

- கண்டிப்பானவர்
- 30 ஆண்டு சேவை
- விடை தப்பானாலும் வழிமுறைக்கு மார்க்
- மழையில் பஸ் வரும்வரை கூட நின்றது

எல்லாவற்றையும் 'மேலும்', 'அதோடு' போட்டுக் கோத்தால் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதுபோல் ஆகிவிடும். முதல் இரண்டும் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும், விட்டுவிடலாம். மற்ற இரண்டிலும் தெரிவது ஒரே பொறுமைதான். அதையே இழையாகப் பிடித்துக்கொண்டு, இன்று அது தன்னிடம் எப்படி வாழ்கிறது என்று சொல்லி, வாழ்த்தி முடித்தால் போதும்.

"டீச்சர், விடை தப்பானாலும் வழியைப் பார்த்து மார்க் போடுவீர்கள். மழையில் கடைசிப் பிள்ளைக்கு பஸ் வரும்வரை குடையோடு நிற்பீர்கள். இன்று என் மகள் கணக்கில் தடுமாறினால், 'எப்படிப் போட்டே, சொல்லு' என்றுதான் முதலில் கேட்கிறேன். அது நீங்கள் தந்தது. இனி மணியடிக்காத காலைகள் உங்களுக்கு இதமாக விடியட்டும்."

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வேறொரு டீச்சருக்கும் அப்படியே பொருந்தினால், இன்னொரு நினைவைத் தேடுங்கள்.