பொம்மை வாயில் ஒரு புதுப் பல்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பல் முகாமில் கைப்பொம்மையை வைத்துப் பேச எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தால், அதில் பாதியை ஒரே பல்லுக்குக் கொடுப்பேன். ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் அது. எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். சொத்தையானால் அதற்குப் பதில் வேறு பல் முளைக்காது.

பொம்மை கேட்கட்டும்: “டாக்டர் அக்கா, நான் தினமும் தேய்க்கிறேனே, இது மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?”

“வாயைத் திற. பார், இது இன்னும் முழுசா வளரலை, பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வா இருக்கு. நேரா தேய்ச்சா பிரஷ் அதைத் தொடாமலே போயிடும். கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்கா விட்டு, அந்தப் பல்லை மட்டும் தனியா தேய்க்கணும்.”

பொம்மை பிள்ளைகளைப் பார்த்து நிற்பதால் இடது, வலது மாறிவிடும். “ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்” என்று சொல்வதே நல்லது. பொம்மைக்குப் பெரிய பிரஷ் கொடுத்தால் பிள்ளைகளும் கையை வீசித் தேய்ப்பார்கள். சிறுவர் பிரஷே போதும். பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், நுரையைத் துப்பிவிட வேண்டும்.

பேசி முடித்ததும் நாலைந்து பிள்ளைகளைப் பொம்மைக்குத் தேய்க்கச் சொல்லுங்கள். பிரஷ் கடைசிப் பல்வரை போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பெற்றோரே, ஏழெட்டு வயதுவரை இரவில் அந்தப் பல்லை நீங்களே தேய்த்துவிடுங்கள்.