பெட்டிக்குள் கசிந்த பாட்டில்: நனைந்த எல்லாப் பொருள்களுக்கும் பணம் கேட்பது எப்படி

இணையத்தில் வாங்கும் பொருள்கள் பல நேரங்களில் ஒரே அட்டைப் பெட்டியில் வந்து சேர்கின்றன. துணி துவைக்கும் திரவமும் துவரம்பருப்பும் புத்தகமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. வழியில் பாட்டில் கசிந்தால் வாங்கியவர் பெரும்பாலும் அந்தப் பாட்டிலுக்கு மட்டும் பணம் கேட்டுப் பெற்றுக்கொண்டு, நனைந்த மற்றவற்றை வெயிலில் உலர்த்திப் பார்க்கிறார். இழப்பின் பெரும்பகுதி அந்த மற்றப் பொருள்களில்தான் இருக்கிறது. அவற்றையும் கேட்க முடியும். ஆனால் பாட்டிலுக்குக் கேட்கும் முறையும் அவற்றுக்குக் கேட்கும் முறையும் வேறு.

கசிவு பெரும்பாலும் மூடியில்தான் தொடங்குகிறது. பல பாட்டில்களில் மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு வெப்பத்தால் வாயோடு ஒட்டப்பட்டிருக்கும். ஓரிடத்தில் அது சரியாக ஒட்டாவிட்டால் மூடி மட்டுமே காவல். மூடியோ லாரியின் அதிர்வில் மெல்ல மெல்லத் தளர்கிறது. வெயிலில் வண்டி சூடேறும்போது பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளுகிறது. பெட்டி தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தால் வேறு காரணமே வேண்டாம். அழுத்தினால் ஊற்றும் பம்ப் மூடிகளில் பூட்டு கழன்றிருப்பதும், மேலே ஏற்றிய பாரத்தால் அடிமூலையில் கீறல் விழுவதும் உண்டு. தகடு கிழியாமல் இருந்தும் பாட்டில் குறைந்திருந்தால் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். எங்கே கசிந்தது என்று தெரிந்தால், புகாரில் "பாட்டில் உடைந்தது" என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல் இடத்தைக் குறிப்பிட்டு எழுதலாம்.

அதற்கும் முன்பு பார்க்க வேண்டியது பெட்டியின் ஈரம். அட்டை உள்பக்கம் அதிகம் ஊறி, வெளியே ஒரு திட்டு மட்டும் தெரிந்தால் திரவம் உள்ளிருந்து வந்தது. வெளிப்பக்கம் முழுக்க ஊறி, உள்ளே இருக்கும் பாட்டில்கள் எல்லாம் நிறைந்தபடியே இருந்தால், வண்டியில் பக்கத்தில் இருந்த வேறு யாருடைய பெட்டியோ ஒழுகியிருக்கிறது. இரண்டாவது நிலையில் பாட்டில் விற்றவருக்கு இதில் பங்கே இல்லை; கொண்டுவந்து சேர்த்த பொறுப்பை ஏற்றவரிடம்தான் கேட்க வேண்டும். ஈரம் காய்ந்துவிட்டால் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை என்பதால் முதல் படம் பெட்டியைத்தான் எடுக்க வேண்டும்: முகவரிச் சீட்டும் நனைந்த மூலையும் ஒரே படத்தில் விழும்படி. அடுத்தது, எதையும் வெளியே எடுக்காமல், உள்ளே பொருள்கள் இருந்தபடியே ஒரு படம். எது எதன்மேல் கிடந்தது, இடையில் காகிதமோ பிளாஸ்டிக் பையோ போட்டார்களா என்பதற்கு அதுவே சாட்சி. அதன்பின் பாட்டிலின் வாய், பிறகு ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக. பெட்டியைத் திறக்கும்போதே நிறுத்தாமல் எடுத்த காணொளி இருந்தால் இன்னும் நல்லது. மறுப்பதற்கு இடம் குறையும். புத்தகம் நனைந்திருந்தால் அட்டையோடு, பக்கங்கள் ஒட்டிக்கொண்ட இடத்தையும் விரித்துக் காட்ட வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். துணி துவைக்கும் திரவம் 1 லிட்டர் 230 ரூபாய், துவரம்பருப்பு 180, போட்டித் தேர்வு நூல்கள் 740, பருத்திச் சட்டை 650, கைப்பேசி சார்ஜர் 600; ஆக 2,400 ரூபாய். கூப்பனில் 240 ரூபாய் கழிந்து 2,160 ரூபாய் செலுத்தப்பட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்தால் திரவத்தில் பாதி வெளியே கொட்டிக் கிடக்கிறது.

இங்கே பலரும் தவறும் இடம் செயலியின் அமைப்பு. ஒரே பெட்டியில் வந்தாலும் செயலியின் கணக்கில் இவை ஐந்து தனிப் பொருள்கள். ஒருவேளை ஐந்து விற்பனையாளர்களுடையவை. பாட்டிலுக்கு எதிரே உள்ள 'திருப்பி அனுப்பு' பொத்தானை அழுத்தி, விளக்கத்தில் "மற்றவையும் நனைந்தன" என்று எழுதினால், பாட்டிலுக்கு உரிய தொகை வந்து சேர்ந்ததும் அந்தப் புகார் முடிந்ததாக மூடப்படும். விளக்கத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஐந்துக்கும் தனித்தனியாகக் கோரிக்கை பதிய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியத்தை எழுதலாம்: "இந்த ஆர்டரில் வந்த துணி துவைக்கும் திரவம் பெட்டிக்குள் கசிந்ததால் இந்தப் பொருள் நனைந்து வந்தது, பெட்டியின் படம் இணைப்பில்." காரணம் கேட்கும் இடத்தில் 'சேதமடைந்து வந்தது' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகத்துக்கு 'குறைபாடு' என்று போட்டால் அச்சுப் பிழை தேடுவார்கள். 'வேண்டாம்' என்று போட்டால் பழுதற்ற நிலையில் திருப்பித் தரச் சொல்வார்கள்.

பொருளுக்குப் பொருள் கால வரம்பும் மாறும். உணவுப் பொருளுக்கு ஓரிரு நாள்கூட இருக்கலாம், துணிக்கு அதைவிட நீளும். சில பொருள்களில் 'திருப்பி எடுக்கப்படாது' என்றே எழுதியிருக்கும். மனம் மாறியவரைத் தடுக்க வைத்த நிபந்தனை அது. சேதமாக வந்த பொருளுக்கு அதைக் காட்டி மறுக்க முடியாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. செயலியில் பொத்தானே இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் பேசினால் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் வைக்கக் கூடாது.

இனி எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது. பருப்பில் தயங்க வேண்டியதில்லை. சில பொட்டலங்களில் காற்று வெளியேற ஊசித்துளைகள் இருக்கும். ஒட்டிய விளிம்பு வழியாகவும் திரவம் புகும். கழுவிச் சமைத்தால் சரியாகிவிடும் என்று வைத்துக்கொள்வது விஷப் பரீட்சை. நூல்கள் உலர்ந்தாலும் தாள் நெளிந்து ஒட்டிக்கொள்ளும்; அவையும் போனவையே. சட்டைதான் சிக்கல். துவைக்கும் திரவம்தானே, அலசினால் போய்விடுமே என்று தோன்றும். பெரும்பாலும் போகவும் போகும். ஆனால் அலசிய சட்டையைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். செறிவான திரவம் பல மணி நேரம் ஊறிய இடத்தில் சாயம் வெளுத்திருந்தால் அது காய்ந்த பிறகுதான் கண்ணில் படும். ஆகவே கோரிக்கை முடிவாகும்வரை துவைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பதே சரி. சார்ஜர் பெட்டியின் மேலட்டை மட்டும் நனைந்து, உள்ளே பை உலர்ந்திருந்தால் அதற்கு முழுப் பணம் கேட்பது நியாயமல்ல. உள்ளே ஈரம் தெரிந்தால் கேட்கலாம். வேலை செய்கிறதா என்று பார்க்க மின்சாரத்தில் செருகக் கூடாது. அது ஆபத்து, பழுதானால் 'பயன்படுத்திக் கெடுத்தார்' என்ற பதிலுக்கும் வழி திறக்கும்.

இந்தக் கணக்கில் சார்ஜர் தப்பிவிட்டதாகக் கொண்டால் கேட்க வேண்டியவை நான்கு. கூப்பன் தள்ளுபடி எல்லாப் பொருள்களுக்கும் பிரித்துக் கழிக்கப்பட்டிருக்கும் என்பதால் விலைப் பட்டியலில் 10 சதவீதம் குறைந்தே திரும்பி வரும்: திரவத்துக்கு 207, பருப்புக்கு 162, நூல்களுக்கு 666, சட்டைக்கு 585, மொத்தம் 1,620 ரூபாய். பாட்டிலோடு நிறுத்திக்கொண்டவருக்கு வருவது 207 மட்டுமே. வந்த தொகையை இந்தப் பிரிப்போடு ஒத்துப் பார்த்தால் எந்தப் பொருள் விடுபட்டது என்று உடனே தெரியும்.

நனைந்த பொருள்களைப் பணம் வரும்வரை எறியக் கூடாது. எடுத்துச் செல்ல வருபவர் ஒழுகும் பாட்டிலை வாங்க மறுப்பது வழக்கம். அப்படியானால் அன்றே 'எடுக்க வந்தவர் மறுத்தார்' என்று சேவைப் பிரிவுக்கு எழுதி, எறிந்துவிடலாமா என்று கேட்டு, அனுமதி எழுத்தில் வந்த பிறகே எறிய வேண்டும். இல்லாவிட்டால் 'பொருள் திரும்பி வரவில்லை' என்று கோரிக்கை தானாகவே ரத்தாகிவிடும்.

மறுப்பு வந்தால் அது அநேகமாக ஒரே வடிவில் வரும். நூல் விற்றவர் தம் நூலில் குறை இல்லை என்பார். தளத்தினர் தாம் இடையில் நிற்பவர் மட்டுமே என்பார்கள். இரண்டுக்கும் விடை அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. வெவ்வேறு விற்பனையாளர்களின் பொருள்கள் ஒரே பெட்டியில் வந்திருந்தால், அவற்றை ஒன்றாக அடைத்தவர் அந்த விற்பனையாளர்களில் ஒருவராக இருப்பது அரிது. தளத்தின் கிடங்கிலோ அதன் பொறுப்பில் இயங்கும் கிடங்கிலோதான் அது நடந்திருக்கும். திரவத்தைத் தனிப் பையில் கட்டாமல் புத்தகத்தோடு அடைத்தது கட்டியவரின் குறை. வெளியே எடுப்பதற்கு முன் எடுத்த அந்தப் படம் இப்போது கைகொடுக்கும். எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரி உள்ளிட்ட விவரங்களைத் தளம் தர வேண்டும் என்பதும் 2020 விதிகளில் உண்டு.

அடுத்த படி, தளத்தின் குறைதீர் அலுவலர். அவருடைய பெயரும் தொடர்பும் தளத்தில் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது விதி. அவருக்கு எழுதும்போது நான்கு பொருள்களையும் ஒரே மடலில், ஆர்டர் எண், தொகை, ஏற்கெனவே பதிந்த புகார் எண்களுடன் தர வேண்டும். செயலியில் பிரித்துக் கேட்டதை இங்கே சேர்த்துக் கேட்பதுதான் முறை.

அங்கும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அது நிறுவனத்திடம் எடுத்துப் பேசும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சியிலிருந்து 2 ஆண்டு அவகாசம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே வீட்டிலிருந்தும் பதியலாம். பெட்டியை வைத்த மேசையோ பக்கத்தில் இருந்த மடிக்கணினியோ நனைந்து கெட்டிருந்தால் செயலியில் அதற்கு இடமே இராது. குறையுள்ள பொருளால் வேறு உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கோர அந்தச் சட்டம் இடம் தருகிறது. பழுது பார்த்த ரசீதும், அந்தப் பெட்டியால்தான் கெட்டது என்று காட்டும் படமும் தேவைப்படும்.

உறவினர் கட்டி கூரியரில் அனுப்பிய பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஊறுகாய் எண்ணெய் கசிந்து பட்டுப்புடவை பாழானால், கட்டியவர் அனுப்பியவரே என்று நிறுவனம் சொல்லும். ரசீதில் அச்சிட்ட இழப்பீட்டு வரம்பையும் காட்டும். அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டில் உள்ள அப்படியொரு வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் பாரதி நிட்டிங் வழக்கில் தீர்ப்பளித்தது; அங்கே வரம்பு 100 டாலர். அதனால் விலையுயர்ந்த பொருளை அனுப்புபவர் மதிப்பை எழுதிக் காப்பீட்டுத் தொகை கட்டுவதோடு, திரவத்தை வேறு பெட்டியில் அனுப்புவதே வழி.