லாக்கரில் இருந்தது எத்தனை கிராம்?

திங்கட்கிழமை காலை கடை திறக்க வந்த ஊழியர் ஷட்டரைத் தூக்குகிறார். முன்பக்கம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. உள்ளறைக்குப் போனால் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, லாக்கர் கதவில் வெட்டுக் காயம், தரையெல்லாம் சிமென்ட் தூள். 2019 அக்டோபரில் திருச்சியிலும், 2021 டிசம்பரில் வேலூரிலும் பெரிய நகைக்கடைகளில் சுவரைத் துளைத்துதான் திருடினார்கள். அந்தச் செய்திகளைப் படித்த நமக்குத் திருடன் பிடிபட்டானா என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. கடைக்காரருக்கோ, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தில் அடுத்த கதை தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஒரு சிறு நகரக் கடையை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக எண்களை முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

பதற்றத்தில் முதல் நாளே முதலாளி, “சுமார் மூன்று கிலோ நகை போய்விட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். போலீஸ் புகாரிலும் அதே மூன்று கிலோ. இரண்டு நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் 2,400 கிராம்தான் குறைகிறது. அவர் பொய் சொல்லவில்லை, மனம் கலங்கிச் சொன்னார். ஆனால் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கையில் இப்போது ஒரே ஆள் கையெழுத்திட்ட இரண்டு எண்கள் இருக்கின்றன. அந்த 600 கிராமுக்கு விளக்கம் சொல்லியே பல வாரம் போகும். முதல் கடிதத்தில் திருட்டு நடந்ததையும், அதைப் பார்த்த நேரத்தையும், புகார் கொடுத்த விவரத்தையும் எழுதி, “இருப்பு எண்ணப்படுகிறது, பட்டியல் தனியாகத் தருகிறோம்” என்று நிறுத்தியிருந்தால் போதும். எண்ணி முடித்தபின் போலீஸிலும் கூடுதல் வாக்குமூலம் கொடுத்திருக்கலாம்.

அந்த 2,400 எப்படி வந்தது என்பதுதான் கோரிக்கையின் உயிர். திருடன் எடுத்துப்போனதை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. புத்தகப்படி இருந்திருக்க வேண்டியதில், இப்போது மிச்சமிருப்பதைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே ஸ்டாக் ரிஜிஸ்டர் தவறினால் கோரிக்கையும் தவறும். நம் கடையில் கடைசியாக முழு இருப்பையும் எடைபோட்டபோது 8,420 கிராம் இருந்தது. அதன்பின் வாங்கியது 1,160. பட்டறையிலிருந்து திரும்பி வந்தது 310. விற்றது 980. புதிதாக ஆசாரியிடம் கொடுத்தது 450. ஹால்மார்க் முத்திரைக்குப் போனது 120. கூட்டிக் கழித்தால் சனிக்கிழமை இரவு கடைக்குள் 8,340 கிராம் இருந்திருக்க வேண்டும். திருட்டுக்குப் பின் எடைபோட்டால் 5,940. வித்தியாசம் 2,400.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம், கடைசியாகக் கழித்த இரண்டு எண்கள்தான். ஆசாரிக்குக் கொடுத்த 450 கிராமை ஒரு துண்டுச்சீட்டில் மட்டும் குறித்துவிட்டு, ரிஜிஸ்டரில் ஏற்றாமல் விட்டிருந்தால் அதுவும் திருட்டுப்போனதாகவே கணக்கில் நிற்கும். சர்வேயர் ஆசாரியைப் பார்த்துப் பேசும் நாளில் அது வெளியே வரும். ஆசாரி பட்டறையில் பத்திரமாக இருக்கும் தங்கத்துக்கு இழப்பீடு கேட்டவராகக் கடைக்காரர் நிற்பார். அந்த ஒரு பதிவு விட்டுப்போனதால் மற்ற ஆயிரம் பதிவுகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ரிஜிஸ்டரையோ அதன் நகலையோ கடைக்கு வெளியே ஓரிடத்திலும் வைக்க வேண்டும். கணக்கு இருந்த கம்ப்யூட்டரையே தூக்கிப் போய்விட்டால் 2,400 என்று எதை வைத்துச் சொல்வது?

பட்டியலை டேக் வாரியாக எழுத வேண்டும். “நெக்லஸ் 12, மொத்தம் 400 கிராம்” என்பது பட்டியல் ஆகாது. ஒவ்வொரு உருப்படிக்கும் டேக் எண், மொத்த எடை, கல் நீக்கிய எடை, தரம், வாங்கிய பில் எண், ஹால்மார்க்கின் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் எல்லாம் வேண்டும். கல் நீக்கிய எடையை நான் அழுத்திச் சொல்கிறேன். கல் பதித்த ஆரத்தின் மொத்த எடையைத் தங்கமாகக் காட்டுவது, தெரியாமல் நடந்தாலும், மிகைப்படுத்தல்தான்.

அடுத்து லாக்கர். நகைக்கடை பாலிசிகளில் வழக்கமாக ஒரு விலக்கு இருக்கும்: கடை மூடிய பிறகு லாக்கருக்கு வெளியே, ஷோகேஸிலோ கண்ணாடி ஜன்னலிலோ விட்ட நகைக்கு இழப்பீடு கிடையாது. நம் கடையில் வாசல் பொம்மையின் கழுத்தில் 180 கிராம் ஆரம் இருந்தது. கழற்றிப் பூட்டச் சோம்பல். அது போனதால் 2,220 கிராம்தான் மிச்சம். லாக்கரின் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், எடை, பூட்டு வகை, இந்தியத் தர எண் ஐ.எஸ். 550 முத்திரை உண்டா என்பதெல்லாம் பாலிசி எடுக்கும்போது கொடுத்த படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். படிவத்தில் ஒரு லாக்கர், அறையில் வேறொன்று என்றால் சிக்கல் அங்கேயே தொடங்கும். வெட்டுக் காயம் இல்லாமல் சாவியால் திறந்திருந்தால் கேள்வி இன்னும் கடுமையாகும். சாவி யாரிடம் இருந்தது, மாற்றுச் சாவி எங்கே என்று கேட்பார்கள். பலவந்தமாக நுழைந்தால்தான் இழப்பீடு என்று பாலிசி சொன்னால் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஹர்சந்த் ராய் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் உடைந்த கதவையும் சுவரையும் சர்வேயர் பார்க்கும்வரை கொத்தனாரைக் கூப்பிடக் கூடாது.

2,220 கிராமுக்கு எவ்வளவு பணம்? இந்தக் கடையின் பாலிசி, புத்தகத்தில் உள்ள கொள்முதல் விலையை எடுக்கிறது. பலகையில் எழுதும் இன்றைய விலையோ செய்கூலி லாபமோ அதில் சேராது. கிராமுக்குச் சராசரி 8,000 ரூபாய் என்றால் 1 கோடியே 77 லட்சத்து 60 ஆயிரம். ஆனால் காப்பீட்டுத் தொகை 5 கோடிதான். அன்றிரவு கடையில் இருந்த 8,340 கிராமின் மதிப்போ 6 கோடியே 67 லட்சம். குறைவாகக் காப்பீடு செய்த விகிதத்தில் இழப்பீடும் குறையும் என்பது சராசரி விதி. அதன்படி சுமார் 1 கோடியே 33 லட்சம்தான் வரும். தங்கம் விலை ஏற ஏறப் புதுச் சரக்கை அதிக விலைக்கு வாங்கிக்கொண்டே, பழைய தொகையில் பாலிசியைப் புதுப்பித்ததன் விலை அந்த 44 லட்சம். இதோடு, திருட்டுப்போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிக் கடனையும் ஜி.எஸ்.டி. சட்டப்படி திருப்பிக் கட்ட வேண்டும்.

கேமரா எதற்கு? முகம் தெரியாவிட்டாலும் கவலையில்லை. வேலூரில் கேமராக்கள் மீது ஸ்பிரே அடித்திருந்தார்கள். காப்பீட்டுக்கு முக்கியமான காட்சி, திருடன் வருவதற்கு முன்பே பதிவாகியிருக்கும். சனிக்கிழமை இரவு தட்டுகள் ஒவ்வொன்றாக லாக்கருக்குள் போவதும், கதவைப் பூட்டுவதும், ஷட்டர் இறங்குவதும்தான் அது. அந்தப் பதிவு பழையவற்றை அழித்துக்கொண்டே போகும் கருவியில் இருக்கிறது. சில நாள் விட்டால் காணாமல் போகும். கருவியின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து 14 நிமிடம் தள்ளி ஓடினால் அதையும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும், திருத்த முயலக் கூடாது. வெட்டி ஒட்டாத முழுப் பதிவைப் பிரதி எடுத்து, மூலக் கருவியைப் போலீஸிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனால் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும்.

திருடர்கள் பிடிபட்டு நகை மீட்கப்பட்டால், மேசைமேல் பரப்பிய குவியலில் எது இந்தக் கடையுடையது என்று காட்டப்போவது பட்டியலிலுள்ள அந்த ஆறு இலக்க எண்தான். முத்திரைக்கு எந்தக் கடை அனுப்பியது என்ற விவரம் அதோடு பதிவாகியிருக்கிறது. உருக்கிவிட்டிருந்தால் எண் போய்விடும். மிஞ்சுவது கட்டியின் எடையும் தரமும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவும் ரிஜிஸ்டரில் எழுதிய கல் நீக்கிய எடைதான் வேண்டும்.