ஆகஸ்ட் 30 எப்படி ஜூலை 25 ஆனது

அக்கா மகள் 2025 ஜூன் 2, திங்கட்கிழமை காலையில் பேப்பர் போட்டாள். சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து வருட வேலை. ராஜினாமாவை இணையதளப் பக்கத்தில் பதிந்ததும், கடைசி வேலை நாள் என்ற கட்டத்தில் ஆகஸ்ட் 30 என்று தானாக வந்து நின்றது. 90 நாள் நோட்டீஸ். புது நிறுவனம் கொடுத்திருந்த ஆஃபர் லெட்டரிலோ ஜூலை 21 அன்று சேர வேண்டும் என்றிருந்தது.

அன்று இரவு போன் செய்தாள். "சித்தி, மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கேட்டா விட்டுடுவாரா?"

மனிதவளத் துறையில் பதினாறு வருடம் இருந்திருக்கிறேன். முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லி வந்த நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் எழுதியவரின் அவசரம் மட்டுமே இருக்கும்: நல்ல வாய்ப்பு, குடும்பச் சூழ்நிலை, தயவுசெய்து. படிக்கும் மேனேஜருக்கு மனம் இளகலாம். ஆனால் அவர் கையில் இருக்கும் பிரச்சினை அப்படியே இருக்கும். அதனால் அவளிடம், "கெஞ்சாதே. முதல்ல நீ போனா அவருக்கு என்ன குறையும்னு யோசி" என்றேன்.

இந்தியாவின் மென்பொருள் சேவை நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் மூன்று மாதமாக நீண்டதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இத்தனை பேர் இந்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று தலைக்கு இவ்வளவு எனப் பில் போடுவது அங்கே பரவலான வழக்கம். ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவரைக் காட்ட வேண்டும். பல ஒப்பந்தங்களில் வாடிக்கையாளர் அவரிடம் பேசிப் பார்த்துச் சம்மதிக்கவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் கே.டி. எனப்படும் வேலை ஒப்படைப்பு தொடங்கும். வெளியிலிருந்து ஆள் எடுத்தால் அவரும் தன் பழைய இடத்தில் 90 நாள் நோட்டீஸில் மாட்டிக்கொண்டிருப்பார். ஆக, மேனேஜர் அஞ்சுவது காலி நாற்காலிக்கு. அந்த நாற்காலியில் உட்கார ஆள் இருக்கிறது என்று காட்டினால் பேச்சு நகரும். புராஜெக்ட் முடிந்து பெஞ்சில் இருப்பவரை ஒரு வாரத்தில் விட்டுவிடுவதும், வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் ஒருவரைக் கடைசி நாள்வரை பிடித்து வைப்பதும் இதனால்தான்.

அவள் குழுவில் இரண்டு வருட அனுபவமுள்ள ஒரு பையன் இருந்தான். அவள் பார்க்கும் வேலையில் பாதி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மாத இறுதியில் ஓடும் கணக்கு அறிக்கை, இரவில் ஏதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, அவள் மட்டுமே தொட்ட ஒரு பழைய நிரல் என்று ஆறு விஷயம் வந்தது. அதில் ஜூன் மாத இறுதி அறிக்கையை அவள் ஓட்டுவதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். ஜூலை நடுவில் வரும் அறிக்கையை அவன் ஓட்ட இவள் பார்ப்பாள். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி.

பேப்பர் போட்ட மூன்றாம் நாள் அவள் அனுப்பிய மின்னஞ்சலின் சாரம் இது. ஜூலை 18 மாலையோடு என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பணி ஒப்பந்தப்படி 90 நாள் என்பதை அறிவேன். ஒப்படைப்புத் திட்டம் இணைப்பில் உள்ளது. மீதியிருக்கும் 13 நாள் ஈட்டிய விடுப்பை நோட்டீஸ் நாட்களில் கழித்துக்கொள்ளவும், அதற்கும் மேல் குறையும் நாட்களுக்கு ஒப்பந்தப்படி பணம் செலுத்தவும் சம்மதம். உங்கள் முடிவை எழுத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மேனேஜருக்கு அனுப்பி, ஹெச்.ஆருக்கு நகல் வைத்தாள். புது நிறுவனத்தின் பெயரையோ ஆஃபர் லெட்டரையோ இணைக்கவில்லை. அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் விடுவேன் என்று சொல்லும் மேனேஜர்கள் உண்டு. சேரும் தேதியைச் சொன்னால் போதும். சம்பள விவரம் உள்ள தாளைக் காட்டினால் பேச்சு உங்கள் தேதியை விட்டு உங்கள் சம்பளத்துக்குப் போய்விடும்.

கடிதத்தில் "சீக்கிரமாக" என்று எழுதாமல் ஒரே ஒரு தேதியை எழுதியது முக்கியம். தேதி இல்லாத வேண்டுகோளுக்கு "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். பார்க்கலாம் என்ற பதிலோடு ஆறு வாரம் ஓடிவிடும்.

ஒப்பந்தப்படி பணம் என்று எழுதினாளே, அது எவ்வளவு? நோட்டீஸ் நாளைப் பணம் கொடுத்து ஈடுகட்டுவதை பை-அவுட் என்கிறார்கள். பணி நியமனக் கடிதத்தில் "90 நாள் முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்தச் சம்பளம் அடிப்படைச் சம்பளமா மொத்தச் சம்பளமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவளுக்கு மொத்தம் மாதம் 75,000 ரூபாய், அடிப்படை 30,000. நாள் ஒன்றுக்கு 2,500 ரூபாயும் ஆகலாம், 1,000 ரூபாயும் ஆகலாம். நியமனக் கடிதத்தில் விளக்கம் இல்லை. நிறுவனத்தின் உள்விதிகளில் தேடியபோது மொத்தச் சம்பளம் என்று கிடைத்தது.

அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. எடுக்காத விடுப்பைக் காசாக்கும்போது அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு. அதாவது ஒரு நாள் விடுப்பைக் காசாக வாங்கினால் 1,000 ரூபாய் வரும். அதே நாளை நோட்டீஸில் கழித்துக்கொண்டால் 2,500 ரூபாய் மிச்சமாகும். 13 நாளுக்கு 19,500 ரூபாய் வித்தியாசம். பலர் இதைக் கவனிக்காமல் விடுப்பைக் காசாக வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் பை-அவுட்டுக்கு முழுத் தொகை கட்டுகிறார்கள். இப்படிக் கழிப்பதை எல்லா நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுப்புக்கு ஈடாகக் கடைசி நாளையே தள்ளிவைக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

பிடிக்கும் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று 18 சதவீதம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் பிடித்தத்துக்கு அந்த வரி பொருந்தாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் மாதச் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"அவங்க விடலைன்னா சட்டப்படி பிடிச்சு வைக்க முடியுமா சித்தி?" என்று நடுவில் கேட்டாள். முடியாது. ஒருவரை விருப்பமில்லாமல் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும்படி நம் நீதிமன்றங்கள் உத்தரவிடுவதில்லை. நிறுவனம் கேட்கக்கூடியது இழப்பீடு. ஒப்பந்தத்தில் எழுதிய தொகையே அதற்கு உச்சவரம்பு என்றும், அதற்குள் நியாயமானதையே தர வேண்டும் என்றும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தச் சட்ட பலத்தை நம்பி எழுந்து போய்விடக் கூடாது என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன். சொல்லாமல் நின்றுவிட்டால் ஓடிப்போனவர் என்று பதிவு செய்வார்கள். ரிலீவிங் லெட்டர் வராது. புது இடத்தில் பின்னணி சரிபார்க்கும்போது முதலில் கேட்பதே அந்தத் தாளைத்தான். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பழைய நிறுவனம் ஆகஸ்ட் 30 என்று வெளியேறிய தேதி போட்டு, புதியது ஜூலையில் சேர்ந்த தேதி போட்டால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகத் தெரியும்.

மேனேஜரின் பதில் எட்டு நாள் கழித்து வந்தது. பையன் மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் ஜூலை 18 முடியாது; வாடிக்கையாளருக்கு 23ஆம் தேதி ஒரு வெளியீடு இருக்கிறது, 25 வரை இரு என்றார். ஒரு வாரம்தான் இடைவெளி. இங்கே பலர் பழைய இடத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். இந்த ஒரு வாரத்தைப் புது இடத்தில் கேட்பது எளிது. அவர்கள் ஏற்கெனவே ஆறேழு வாரம் காத்திருக்கத் தயாரானவர்கள். இன்னொரு ஆளைத் தேடினால் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அவள் மேனேஜரின் பதிலைச் சுட்டிக்காட்டி, ஜூலை 28 திங்கட்கிழமை உறுதியாகச் சேர்கிறேன் என்று எழுதினாள். மறுநாளே திருத்திய ஆஃபர் லெட்டர் வந்தது. கூடவே, பை-அவுட் தொகையில் 50,000 ரூபாய்வரை திருப்பித் தருவோம் என்ற வரியையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டாள். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அந்தத் தொகை சம்பளத்தோடு சேர்ந்து வருவதால் வரியும் பிடிப்பார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஜூலை 16 அன்று எதற்கும் பார் என்று சொன்னேன். இணையதளப் பக்கத்தைத் திறந்தாள். கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 30 என்றே இருந்தது.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். மேனேஜர் சரி சொல்லியிருப்பார், மனமார வாழ்த்தியும் இருப்பார். ஆனால் அந்தக் கட்டத்தில் தேதி மாறாதவரை அடையாள அட்டையைத் திரும்ப வாங்குபவர், மடிக்கணினியைச் சரிபார்ப்பவர், சம்பளக் கணக்கு போடுபவர் எவருக்கும் அவள் போகிறாள் என்றே தெரியாது. ரிலீவிங் லெட்டரும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் அச்சாகும். விசாரித்ததில், 30 நாளுக்கு மேல் குறைத்தால் மேனேஜருக்கு மேலே இருப்பவரும் ஒப்புதல் தர வேண்டுமாம். அந்தக் கோரிக்கை அவர் பெட்டியில் பத்து நாளாகத் தூங்கியிருக்கிறது. மேனேஜரின் பழைய பதிலையே இணைத்து அவருக்கு நாலு வரி எழுதினாள். இரண்டு நாளில் தேதி மாறியது. மாறிய பக்கத்தைப் படமெடுத்துத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்தாள். 25ஆம் தேதிக்குப் பிறகு அலுவலகக் கணக்கு திறக்காது.

ஜூன் 2 முதல் ஜூலை 25 வரை 54 நாள். 90இல் குறைந்தது 36. விடுப்பில் 13 போக மீதி 23 நாள், 57,500 ரூபாய். அதில் 50,000 புது நிறுவனத்தின் பொறுப்பு. அவள் கையிலிருந்து போனது 7,500 ரூபாயும் திரும்பி வரும் தொகைக்கான வரியும். இறுதிக் கணக்குத் தாள் வந்தபோது முதலில் 36 நாளுக்கும் பிடித்திருந்தார்கள். விடுப்புக் கழிவை ஒப்புக்கொண்ட மின்னஞ்சலை அனுப்பியதும் திருத்தித் தந்தார்கள்.

ஜூலை 25 மாலை மடிக்கணினியை ஒப்படைத்துவிட்டு வரும் வழியில் கூப்பிட்டாள். ரிலீவிங் லெட்டர் வந்துவிட்டதாம். "தேதியைப் பார்த்தியா?" என்றேன். "ரெண்டு தடவை பார்த்துட்டேன் சித்தி" என்றாள்.